எளிமையாக்கிய சுருக்கம்

பாளையங்கோட்டையில் எங்கள் அறிவியல் மன்றக் கூட்டத்தில், ஓர் ஆய்வாளர் ஆற்றுநீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைப் பற்றிப் பேசவிருந்தார். அவர் ஆங்கிலத்தில் அனுப்பிய உரைச் சுருக்கத்தை எல்லோருக்கும் புரியும்படி தமிழில் மாற்றி எழுதும் வேலை, வேதியியல் வாத்தியாரான என்னிடம் வந்தது. அரைமணி நேர வேலை என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "கரிமக் கழிவுகளின் நுண்ணுயிர்ச் சிதைவால்..." என்று தொடங்கியதுமே நிறுத்தினாள்.

"இது யாருக்கு எழுதுனிய? இங்கிலீஷ்ல புரியாதத தமிழ்ல புரியாம ஆக்கிருக்கிய."

ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் வெட்டி ஒரே வரியாக்கினேன்: "சாக்கடை கலப்பதால் தாமிரபரணி மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன." என் திறமையை நானே மெச்சிக்கொண்டு ஆய்வாளருக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "அண்ணாச்சி, மீன் சாகுதுன்னு நான் சொல்லவே இல்லியே! கோடையில தண்ணி கொறையும்போது, சில இடத்துல ஆக்ஸிஜன் கொறையுதுன்னுல்லா சொன்னேன்? இதப் போட்டா நாளைக்கு மீன் விக்கிறவங்க என்னயத் தேடி வருவாங்க."

மறுபடி உட்கார்ந்தேன். அரைமணி நேர வேலை ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விழுங்கியது. கடைசியில் இப்படி வந்தது: "சாக்கடை அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள், தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொள்கின்றன. கோடையில் நீர் குறையும்போது, சில இடங்களில் மீன்களுக்கு அது போதாமல் போகலாம்."

கூட்டத்தில் ஆய்வாளர் அதையே வாசித்து உரையைத் தொடங்கினார். முதலில் கைதட்டியது நான்தான். திரும்பிப் பார்த்தேன், வேறு யாரும் தட்டவில்லை.