கழுத்துக்குள் ஒரு வேர்க்கடலை

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் நான் நெய்வேன், மற்றதில் என் நாத்தனார். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். காலையில் தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு இங்கே நெய்ய வந்துவிடுவாள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். ஆண்டவன் எனக்குக் கொடுத்த நல்ல துணைகளில் அவளும் ஒருத்தி என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருப்பேனா தெரியாது.

அந்த வருஷம் எனக்கு ஓயாமல் மூத்திரம் வந்துகொண்டிருந்தது. பட்டுத் தறிக்குக் குழியில் காலை விட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்து புடவையில் ஒரு பூ முடிவதற்குள் எழுந்திருக்க வேண்டியிருக்கும். போய்விட்டு வந்தால் நாக்கு வறண்டு போயிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பேன். குடித்த தண்ணீர் உடம்பில் தங்கியதாகவே தெரியாது.

நாத்தனார் தன் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"இன்னா அண்ணி, மறுபடியுமா? நீ பொடவ நெய்யறியா, கொல்லைக்குப் பாத போடறியா?"

"வாய மூடிகினு உன் வேலயப் பாரு."

"நான் பாத்துகினுதான் இருக்கேன். உன் பொடவ கட்டிக்கப்போற பொண்ணுக்குக் கல்யாணமாயி கொழந்த பொறந்துடும்போல."

சர்க்கரை வியாதிதான் என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் பாகற்காயாக வாங்கிக் குவித்தார். வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர். கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் வரும் வழியிலேயே ஜிலேபி வாங்கி வந்து, முதல் துண்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, இரண்டாவதை என் வாயில் வைத்தார். சர்க்கரை இல்லை என்றால் வேறு என்ன என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

இதற்கு முன்பே எனக்குச் சிறுநீரகக் கல் வந்திருந்தது. இரண்டு முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறேன். கல்லில் இருப்பது கால்சியம் என்று யாரோ சொன்னதும் என் வீட்டுக்காரர் எனக்குப் பாலை நிறுத்திவிட்டார். தயிர், மோர் எல்லாம் போயிற்று. வாழைத்தண்டுச் சாறு மட்டும் தாராளம். கை கால் எலும்பெல்லாம் குடைந்தது, மலச்சிக்கல், எப்போதும் ஒரு அசதி. தறியில் உட்கார்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு பாவு நாள், அதாவது தறியில் ஏற்றும் நீள நூலை விரித்துச் சுற்றும் நாள், வந்தது.

புதுப் பாவை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு விரிப்போம். வெயில் ஏறினால் பட்டு முறுக்கிக்கொள்ளும், அதனால் இருட்டு விலகும்போதே வேலை தொடங்கிவிடும். எங்கள் பாவுக்குத் தெருவே வரும், அவர்கள் பாவுக்கு நாங்கள் போவோம். அறுந்த இழைகளை முடிந்து, சீர்செய்து, உருளையில் சுற்றும்போது மறுமுனைக் கோலை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தவர் நடுவில் விடக்கூடாது. விட்டால் பாவு தளர்ந்து சிக்கிக்கொள்ளும், ஊரார் உழைப்பெல்லாம் வீண். எங்கள் வீட்டுப் பாவுக்கு முனை பிடிப்பது எப்போதும் நான்தான். எனக்கு அதில் ஒரு பெருமை.

போன பாவின்போது பாதியில் கோலை நாத்தனார் கையில் திணித்துவிட்டு ஓடியிருந்தேன். தெருவே சிரித்தது. இந்த முறை அந்தப் பேச்சே வரக்கூடாது என்று முந்தின நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. தொண்டை காய்ந்தது, பொறுத்துக்கொண்டேன். ஆனால் மூத்திரம் என்னவோ நிற்கவில்லை. உள்ளே போகாமலே வெளியே போய்க்கொண்டிருந்தது. அது எப்படி என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

காலையில் கோலைப் பிடித்தேன். கடைசிச் சுற்றுவரை பிடித்தேன். பாவு முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். நாத்தனார் என்னவோ கேட்டாளாம், நான் சம்பந்தமில்லாமல் போளூர் பஸ் வந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்டேனாம். அவள் கேலி பேசாமல் அழுதது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று பிறகு சொன்னார்கள்.

ஆரணி ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, ரத்தம் பார்த்து, சிறுநீரகம் சரியில்லை என்று சொல்லி வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே கால்சியம் எகிறிப்போயிருப்பது தெரிந்தது. இரவும் பகலும் சலைன். கால்சியத்தை இறக்க மருந்து. இரண்டு நாளில் என் புத்தி என்னிடம் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தால் கட்டிலோரம் என் வீட்டுக்காரர் படவேட்டம்மன் குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நெற்றியில் வைக்கலாமா என்று நர்ஸிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல், மூத்திரம், எலும்பு வலி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நாங்க ரொம்ப ஜாக்கிரதயா இருந்தோங்க மேடம். ஒரு சொட்டுப் பால்கூடக் குடுக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கெட்டிக்காரத்தனமா தப்பு பண்ணியிருக்கீங்க. இவங்களுக்குக் கால்சியம் பால்ல இருந்து ஏறலங்க. இவங்க எலும்புல இருந்தே ஏறுது."

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் உளுந்துபோல நாலு சின்னச் சுரப்பிகள் இருக்குமாம். பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை வேலை செய்யும், போதுமானது வந்ததும் அடங்கிவிடும். என் சுரப்பிகளில் ஒன்று கட்டியாகி, அடங்காமல் சுரந்துகொண்டே இருந்திருக்கிறது. எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து சிறுநீரகத்தில் இறங்கிக் கல்லாகியிருக்கிறது. அவ்வளவு கால்சியம் இருந்தால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாதாம். அதனால்தான் அத்தனை மூத்திரம்.

"தாகம் எடுத்தது உங்களக் காப்பாத்தறதுக்குங்க. நீங்க தண்ணிய நிறுத்தினதும் ஒடம்பு காஞ்சிடுச்சி. கால்சியம் இன்னும் ஏறி, கிட்னியும் அடி வாங்கிடுச்சி."

"கிட்னி திரும்பி வருமாங்க?" என்று கேட்டேன்.

"இப்ப பட்ட அடி பெரும்பாலும் ஆறும். பல வருஷமா உள்ளூர நடந்தது எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. அந்தக் கட்டிய எடுக்காம விட்டா டயாலிசிஸ்வரைக்கும் போகலாம். எடுத்துட்டுப் பாக்கலாம்."

எங்கள் தெருவில் ஒருவர் வாரம் தவறாமல் டயாலிசிஸுக்குப் போய் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் படுத்துக்கொண்டு அம்மனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தறியில் உட்காரும் உடம்பை எனக்கு விட்டுவை, மற்றதை நீ பார்த்துக்கொள் என்றேன்.

கழுத்தில் ஜெல்லி தடவி ஒரு ஸ்கேன், ஊசி போட்டு இன்னொரு ஸ்கேன். இரண்டிலும் இடப்பக்கம் கீழே ஒரே ஒரு கட்டிதான் தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னால், குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, கவனமாகச் செய்வோம், அபூர்வமாகக் குரல் மாறலாம் என்றார் டாக்டரம்மா.

"பேச்சே போயிடுமாங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

கூட வந்திருந்த நாத்தனார் உடனே, "அண்ணா, அத ஏன் சிரிச்சிகினு கேக்கற?" என்றாள். டாக்டரம்மா காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டார். பயந்து கிடந்த நானும் சிரித்துவிட்டேன்.

குரல் போகவில்லை. கண் விழித்ததும் நான் சொன்னது அம்மன் பெயர். கரகரத்தாலும் என் குரல்தான். எடுத்த கட்டியைப் போனில் படமெடுத்து என் வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறார்கள். "வேர்க்கடல அளவுதான் இருந்திச்சி. இத்தினியூண்டு வச்சிகினு இன்னா ஆட்டம் போட்டிருக்குது பாரு" என்றார்.

மறுநாள் உதடும் விரல் நுனியும் மரத்துச் சுருசுருவென்றன. நான் பயந்துபோனேன். டாக்டரம்மா, அது நல்லதுக்குத்தான், இத்தனை காலம் பறிகொடுத்த எலும்பு இப்போது கால்சியத்தை இழுத்துக்கொள்கிறது, மாத்திரை கொடுத்தால் அடங்கும் என்றார். அப்படியே அடங்கியது. என் வீட்டுக்காரர் கால்சியம் மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு கான்டீனுக்குப் போய்த் திரும்பினார். கையில் ஆவி பறக்கும் பால்.

"குடி. டாக்டர் குடுக்கச் சொன்னாங்க" என்றார், அந்தப் பாலைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல.

வீட்டுக்கு வந்தபின் எனக்கே என்மேல் ஆச்சரியமாக இருந்தது. காலையில் குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். நாத்தனாருக்குத்தான் பேஜார். கேலிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னா அண்ணி, எந்திரிக்கவே மாட்றியே. எனக்கு அலுப்பா இருக்குது. ஜல்தியா ஒருக்கா போயிட்டு வாயேன், நானும் அந்தச் சாக்குல டீ குடிச்சிக்கறேன்."

ஆனால் சிறுநீரகம் என்ன ஆகும் என்பது மட்டும் மனசில் இருந்துகொண்டே இருந்தது. சில மாதம் கழித்து வரச்சொல்லியிருந்தார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க எங்கள் மூவருக்கும் பேச்சு குறைந்தது. வேலூரில் ரத்தம் கொடுத்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நான் மனசுக்குள் நாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கால்சியம் நார்மல். கிட்னி நல்லா திரும்பி வந்திருக்குங்க. முழுசா இல்ல. பழைய காயம் கொஞ்சம் அப்படியே நிக்கும். ஆனா டயாலிசிஸ் பத்தி இப்ப யோசிக்கவே வேணாம். வலிக்கு நீங்களா மாத்திர வாங்கிப் போடக்கூடாது. தண்ணி நல்லா குடிங்க, வருஷா வருஷம் வந்து காட்டுங்க."

"அந்தக் கொஞ்சம் போனா போவுதுங்க" என்றேன். "மிச்சத்த அம்மா குடுத்துட்டா."

"அம்மனும் குடுத்தாங்க, சர்ஜனும் குடுத்தாரு" என்றார் டாக்டரம்மா.

"அவர அனுப்பினதும் அவதாங்க" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்ணமங்கலம் தாண்டியது தெரியும். அதற்கப்புறம் அவர் தோள்மேல் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கியபிறகுதான் எழுப்பினார். முன்னாலேயே எழுப்பக்கூடாதா என்று கேட்டேன்.

"கண்டக்டர்கூட ஏன் எழுப்பலன்னு கேட்டாரு. தூங்கட்டும்னு சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு மரத்துப்போன தோளை உருட்டிக்கொண்டே முன்னால் இறங்கி, எனக்குக் கையை நீட்டினார்.