நான்கு நொடி மௌனத்தை எழுதியவள்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இன்று பதினெட்டு ஊர்களில் என் பட்டறையின் காகிதப் பை மெஷின் ஓடுகிறது. ஒரு மெஷினின் சத்தத்தைப் போனில் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை, உண்மைதானே. ஆனால் என் கண்ணுக்குத் தப்பியதை ஒரு பெண்மணி பிடித்தாள். அவளைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

அவளுக்கு நான் வைத்த பெயர் நிமிஷக்காரி. நாற்பத்து மூன்று வயது. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பள்ளிக்குப் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். என் அக்கா மகன் ஒரு வீடியோ கம்பெனி வைத்திருக்கிறான். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பால்கனி, அவ்வளவுதான் கம்பெனி. அங்கே அவளுக்கு ஒரே வேலை. மற்றவர்கள் மாதக்கணக்கில் எடுத்து முடித்த நீள வீடியோவைப் பார்த்து, அதற்கு ஒரு நிமிட டீசர் எழுதுவது. ஒரு நிமிடத்துக்கு ஒரு சம்பளமா என்று முதல் நாளே கேட்டேன். "மிச்ச நிமிஷத்த எல்லாம் விட்டுட்டு வர்றதுக்குத்தான் ஐயா சம்பளம்" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அதற்கு முன் அவள் ஒரு டிவி தொடரில் 'நாளை' என்று வரும் துண்டுக்கு எழுதிக்கொண்டிருந்தவள். விபத்தில் செத்தது அண்ணனா தம்பியா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வாரம். கட்டிலில் படுத்திருப்பவன் முகத்தை முழுக்கத் துணியால் மறைத்த காட்சியைத்தான் எடுத்துப் போட்டாள். கையில் கட்டியிருந்த கடிகாரத்தை மறந்துவிட்டாள். அது தம்பியின் கடிகாரம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரே மணி நேரத்தில் குட்டு உடைந்தது, மறுநாள் இவள் வேலையும் போனது. "பதில் மூஞ்சியில மட்டும் இருக்காதுங்க ஐயா, மணிக்கட்டுலயும் இருக்கும்" என்பாள். அன்றிலிருந்து படத்தின் ஓரங்களைத்தான் முதலில் பார்ப்பாளாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பட்டறைக்கு நாற்பது வருடம் ஆனதை ஒட்டி அக்கா மகன் என்னைப் பற்றி நாற்பத்தாறு நிமிட வீடியோ எடுத்தான். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குப் பட்டறையிலேயே திரை கட்டிப் போடுவது என்று முடிவானது.

அந்த வீடியோவில் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டறை தொடங்கிப் பதினெட்டு வருடம் கழித்து முதல் பை மெஷினை நான் செய்தபோது பை எல்லாம் வாய் கிழிந்தே விழுந்தது. கத்தி இறங்கும் கணத்தில் தாள் நகராமல் நிற்க வேண்டும், நின்றால்தான் சுத்தமாக வெட்டும். இதைக் கண்டுபிடித்தவன் என் தம்பி, எங்கள் சின்னவன். பதினோரு நாள் அட்டையை வெட்டி வெட்டிப் பார்த்து, சக்கரத்தில் ஒரு பள்ளம் வைத்து, தாளை நிற்க வைத்தான். மெஷினில் பெயர்த் தகடு அடித்தபோது நான் என் பெயரை மட்டும் பொறித்தேன். அந்தத் தகட்டுக்குத் துளை போட்டதும் அவன்தான். துளையைப் போட்டுவிட்டு டிரில்லிங் மெஷினை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். இருபத்திரண்டு வருடம். ஒரே ஊரில் இருக்கிறோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவான், என் பக்கம் பார்க்க மாட்டான்.

வீடியோவில் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, தாள நிக்க வச்சது யாரு?" நான் நான்கு நொடி பேசவில்லை. பிறகு சொல்கிறேன். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் பழைய தகட்டைக் கழற்றி, இரண்டு பெயரும் உள்ள புதுத் தகட்டை மாட்டுகிறேன். இதெல்லாம் சின்னவன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. நேரில் போய் அழைக்க எனக்கு வாய் வரவில்லை. டீசர் எல்லோர் போனுக்கும் போகும், அவன் போனுக்கும் போகும். அவன் வருவதும் வராததும் அந்த ஒரு நிமிடத்தின் கையில் இருந்தது.

அதனால் நானே மருந்துக்கடை மாடியேறிப் போனேன். தகடு மாட்டும் காட்சியை டீசரில் முதலிலேயே போடச் சொன்னேன். அக்கா மகனும் என் பக்கம்தான். அதைப் போட்டால் நாலு பேர் நாலு பேருக்கு அனுப்புவார்கள் என்றான். நிமிஷக்காரி மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை என்றாள்.

அவள் வேலை செய்யும் விதத்தை அன்று பார்த்தேன். முதல் தடவை பேனா இல்லாமல் நேராகப் பார்த்தாள். எந்த இடத்தில் தன் முதுகு நாற்காலியை விட்டு நகர்ந்தது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி, கோடு போட்ட நோட்டில் நிமிடமும் நொடியும் குறித்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து. கேள்வியைக் கிளப்பும் இடத்துக்குக் 'கே'. பதில் சொல்லும் இடத்துக்குப் 'ப'. 'ப' போட்ட எதையும் தொட மாட்டாள். என் தகடு 'ப'. நான் வாயைத் திறந்து சொன்ன உண்மையும் 'ப'.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்து எழுதினாள்: எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை, கண்ணுக்கு என்ன தெரியும், காதுக்கு என்ன கேட்கும். அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முதலில் மெஷின் ஓடுகிறது, பை விழுகிறது. அடுத்து, ஆறாவது நிமிடத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது: "ஒத்த ஆளா நின்னு உண்டாக்கினேன்." பிறகு மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே அந்த முதல் மெஷின். நடுவில் வாய் கிழிந்த பைகளின் குவியல். கடைசியில் அக்கா மகனின் கேள்வி, என் முகம், நான்கு நொடி. திரை கறுப்பு. ஞாயிறு, நான்கு மணி.

"இதப் பாத்தா அவன் வருவானாம்மா? ஒத்த ஆளான்னு நான் சொல்றதக் கேட்டுட்டு போனத் தூக்கி எறிவான்" என்றேன்.

"எறியட்டும். எடுத்து மறுபடி பாப்பாரு."

"தகட்டப் போட்டா சந்தோஷமா வருவான்ல?"

"தகட்டப் போட்டா எதுக்கு ஐயா வரணும்? உங்க அண்ணன் சொல்லிட்டாருன்னு பக்கத்து வீட்டுக்காரன் வந்து சொல்லுவான். சரி, ஆச்சுன்னு அவரு வேற வேலையப் பாப்பாரு. இருபத்திரண்டு வருஷம் அவரு காத்திட்டிருந்த பதில ஓசியில அனுப்பிரலாங்கிறீங்களா?"

அப்படியென்றால் அந்த வீம்புப் பேச்சையாவது எடுத்துவிடு என்றேன். அதற்கும் மறுத்தாள். நான் பணிவாகப் பேசும் நாலு இடத்தை மட்டும் கோத்தால், வந்து உட்காருகிறவர்களுக்கு வேறு வீடியோதான் கிடைக்கும், அது ஏமாற்று என்றாள். வீடியோ எந்த ஆளைக் காட்டுகிறதோ அந்த ஆள்தான் டீசரிலும் இருக்க வேண்டும். எங்கே போய்ச் சேருகிறான் என்பதைத்தான் மறைக்கலாம். நான்கு நொடியையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டாள். நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேனோ அவ்வளவே.

பட்டறையில் என்னை எதிர்த்துப் பேசியவர்களை விரல் விட்டு எண்ணலாம், ஒரு கை போதும். இவளிடம் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கம்பெனியின் எடிட்டர், மெஷின் பை வெட்டுவதுபோல் சரசரவென்று வெட்டிக் கொடுத்தார். நிமிஷக்காரி அதைத் தன் போனிலேயே பார்த்தாள், பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் போனில்தானே பார்ப்பார்கள் என்று. பிறகு கீழே மருந்துக்கடையில் பில் போடும் பெண்ணிடம் காட்டச் சொல்லி அனுப்பினாள். வீடியோவைப் பார்க்காத ஒருத்தரிடம் காட்டிவிட்டு, முடிவு என்ன என்று கேட்பாள். சரியாகச் சொல்லிவிட்டாலும் திருத்துவாள், கேட்பதற்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றாலும் திருத்துவாள். அந்தப் பெண், "இந்தப் பெரியவர் எதையோ முழுங்குறாரு, என்னன்னு தெரியல" என்றாளாம். தேர்வில் தேறிவிட்டோம் என்று அக்கா மகன் அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தான்.

நிமிஷக்காரி அவன் கையைப் பிடித்தாள். கேள்வியை என்னிடம் கேட்டாள்.

"ஐயா, பழைய தகட்டுல எத்தன திருகு?"

"ரெண்டு."

"இதுல நாலு இருக்கு."

முதல் காட்சி. மெஷின் ஓடும் இடம். நாலாவது நிமிடத்திலிருந்து எடுக்கும்படி அவள் எழுதியிருந்தாள். நாற்பத்து நாலாவது நிமிடத்தில் வெளிச்சம் அழகாக இருக்கிறது, மெஷின் அதே மெஷின்தானே என்று எடிட்டர் அதைப் போட்டுவிட்டார். தகடு மாற்றிய பிறகு எடுத்த காட்சி அது. வலது ஓரத்தில், பின்னால் தார்ப்பாய் விலக்கி நிற்கும் முதல் மெஷினில், மங்கலாக, நகக்கண் அளவுக்குத் தகடு. எழுத்து தெரியவில்லை, திருகு தெரிந்தது. நாலு துளையை நானே போட்டேன், நானே முடுக்கினேன், போனில் மூன்று தடவை பார்த்தேன், எனக்குப் படவில்லை. மருந்துக்கடைப் பெண்ணுக்கும் படாது. ஊரில் ஒருத்தனுக்குப் படும். இரண்டு துளை போட்டவனுக்கு.

எடிட்டரின் முகம் சிறுத்துப் போனது. அவள் திட்டவில்லை. "எனக்கு ஒரு வாட்ச் ஆச்சு, உங்களுக்கு இது" என்று மட்டும் சொல்லி, நாலாவது நிமிடத்தை மறுபடி வைக்கச் சொன்னாள். வெளிச்சம் கொஞ்சம் மட்டம்தான். அப்படியே போனது.

ஞாயிறு நான்கு மணிக்கு நாற்காலி எல்லாம் நிறைந்தது. சின்னவன் இல்லை. நான்கு பத்துக்கு விளக்கை அணைத்தோம். ஐந்தாறு நிமிடம் ஓடியிருக்கும், ஷட்டர் பக்கம் ஒரு நிழல். உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வெளியே போகிற ஆள்போல நின்றான். நான் ஒத்த ஆள் என்று திரையில் பேசியபோது ஷட்டரில் கை வைத்தான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

நிமிஷக்காரி திரையைப் பார்க்கவே இல்லை. திரைக்குப் பக்கத்தில் நின்றபடி உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டாவது நிமிடம் வந்ததும் அவள் கண் ஷட்டருக்குப் போனது. நான்கு நொடி. "எந் தம்பி" என்று திரையில் என் குரல். நோட்டை எடுத்து எதையோ குறித்து மூடினாள். பிறகு கேட்டேன். "அந்த நொடி வரைக்கும் பதில் தெரியாம வந்திருக்காரு" என்று எழுதினாளாம்.

விளக்கு போட்டதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனேன். சின்னவன் முதல் மெஷினுக்கு முன் குனிந்திருந்தான். தகட்டில் பெயரைப் படிக்கவில்லை. கட்டை விரலால் திருகு ஒவ்வொன்றாகத் தடவினான்.

"நாலு எதுக்குண்ணே? ரெண்டு போதுமே" என்றான்.

"தகடு நீளமாயிருச்சுடா" என்றேன்.

அவன் சக்கரத்தின் மூடியைத் திறந்து, தன் பள்ளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தான். நான் டார்ச்சைப் பிடித்தேன். நிமிஷக்காரி நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று அக்கா மகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.