புதிய படம் எதுவும் இல்லை

குறுவை அறுவடை முடிந்து, அப்பாவின் நெல், அரசுக் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே சாலையோரம் குவிந்து கிடந்தது. குத்தகை நிலத்து நெல். நெல் போடத் தேதி பதிவாகிக் கிடைத்தால்தான் உள்ளே எடுப்பார்கள். குவிந்தே கிடந்தால் உள்ளீரத்தில் நெல் சூடேறிக் கெடத் தொடங்கும்; அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டால் குவியலிலேயே முளைத்துவிடும்.

தேதிக்கான பதிவு இணையதளத்தில் திறக்கும். எப்போது என்று யாருக்கும் தெரியாது; திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்தும் போகும். அதற்காகவே, தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த உழவர் குழு அலுவலகத்தில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர் ஒன்றில், திரையில்லாமல் ஓடும் பிரவுசர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும். தேதி இருந்தால் எங்கள் போனுக்குச் செய்தி வரும். பக்கம் சரியாக வராவிட்டால், அப்போது கண்டதை முழுநீளப் படமாகச் சேமித்துவிட்டு மூடிக்கொள்ளும்.

காலையில் வந்ததும், கணக்கு பார்க்கும் அக்கா டீ கிளாஸோடு அந்தப் படங்களைத்தான் பார்ப்பார். முந்தைய வாரம் முழுக்கத் தளம் படுத்தே கிடந்தது. வெள்ளைப் பக்கம், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் என்று படமாக வந்து குவிந்தது. இந்தத் திங்கட்கிழமை புதிதாக ஒன்றுமில்லை.

"என்ன தம்பி, உன் போட்டோகிராபர் லீவு போட்டுட்டாரா?"

"படம் விழலன்னா தளம் நல்லாருக்குன்னு அர்த்தம்க்கா. தேதிதான் இன்னும் தொறக்கல."

"அப்ப சரி" என்று அக்கா மூடிவைத்தார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. கிழக்கே வானம் கறுத்து வந்தது.

மதியம் அப்பா கூப்பிட்டார். "பக்கத்து வயக்காரருக்கு நாளைக்குத் தேதியாம்ப்பா. அவரு மவன் நேத்தே போன்ல போட்டுட்டானாம். ஒம் மிஷினு ஒண்ணும் சொல்லலியா?"

உடனே சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். டிஸ்கில் துளி இடமில்லை. ஒரு வாரத் தோல்விப் படங்களே அதை நிரப்பியிருந்தன. தற்காலிகக் கோப்புகளை எழுத இடமின்றி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிரவுசர் கிளம்பவே இல்லை. பிரவுசரே கிளம்பாதபோது படம் எடுக்க ஏது பக்கம்? தவறிய விவரத்தை லாக் என்னும் குறிப்புக் கோப்பில் எழுதவும் இடமில்லை. நாங்கள் நிம்மதி என்று நினைத்தது அதன் மூச்சு நின்றிருந்ததைத்தான்.

தளத்தைக் கையாலேயே திறந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது. இந்த வாரம் முழுக்க நிரம்பிவிட்டது. அடுத்த திங்களில் ஓர் இடம் மிச்சம். அதை அப்பா பெயரில் போட்டேன். பழைய படங்களை அழித்தேன். ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் 'பார்த்துவிட்டேன்' என்று எங்கள் போனுக்கு ஒரு வரி அனுப்பும்படி புரோகிராமை மாற்றினேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அப்பா தார்ப்பாயின் ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த திங்கக்கெழமைதாம்ப்பா கெடச்சுது."

அவர் தார்ப்பாயைத் தூக்கி, முழங்கை வரை கையைக் குவியலுக்குள் விட்டார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"நீயும் வுட்டுப் பாரு."

விட்டேன். உள்ளே நெல் கதகதவென்று சூடேறியிருந்தது. முதல் தூறல் தார்ப்பாய்மேல் விழும் சத்தம் கேட்டது.