பாலத்தில் என்னை விட்டுப் போனவர்

நான் அக்கா என்று கூப்பிடுபவர் எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் வேலை செய்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நாலு சொல்லுக்கு மேல் அவர் கதைத்து நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவரின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, "முதல்முறை ஓடி முடிச்சிருக்கிறியள், ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்றார்கள். பள்ளிமுனையில், கோயில் வளவில் போட்ட சின்ன மேடை அது. நான் கூட்டத்துக்குப் பின்னால், பந்தல் கம்பைப் பிடித்தபடி நின்றேன். முன்னால் போக எனக்கு முகமில்லை.

அது ஐம்பது கிலோமீற்றர் ஓட்டம். மாரதனைவிட நீளமென்பதால் அல்ட்ரா என்பார்கள். விடிய முன்னம் தலைமன்னாரில் தொடங்கி, தீவின் நீளத்துக்கு ஓடி, தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் தாண்டித் திருக்கேதீஸ்வரத்தில் திரும்பி, பள்ளிமுனையில் முடிய வேண்டும். பாலத்துக்கு முன்னாலுள்ள பட்டினத்திலிருந்து ஒரு துணை ஓட்டக்காரரை வைத்துக்கொள்ளலாம். துணைக்கு வருபவர் கதைக்கலாம், வேகம் பிடித்துக் கொடுக்கலாம். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் கொடுக்கக்கூடாது, கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. சாப்பாடும் தண்ணீரும் குறித்த தரிப்புகளில் மட்டும். திருக்கேதீஸ்வரம் வரைக்கும் முசலியிலிருந்து வந்த விளையாட்டு ரீச்சர் துணை. அங்கிருந்து முடிவு வரைக்கும் நான்.

நான் முடிவு வரைக்கும் போகவில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் சோளகக் காற்று முகத்திலடித்தது. அவருக்குக் காற்று மறைக்கவேண்டுமென்று முன்னுக்கு ஓடிய எனக்கு, பாலம் பாதி தாண்டமுன் கெண்டைக்காலில் சதை பிடித்தது. நிலத்தில் இருந்துவிட்டேன். அத்தனை கிலோமீற்றர் ஓடி வந்தவர் திரும்பி வந்து என் காலை நீவத் தொடங்கினார். நேர எல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். அவர் தனியே போனார். பிறகு ஒழுங்கமைப்பாளர் ஒருவரின் மோட்டார்சைக்கிளில்தான் நான் பள்ளிமுனைக்கு வந்து சேர்ந்தேன்.

மேடையில் அக்கா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு கணவரைப் பார்த்தார். கடலுக்குப் போகும் மனிதர், அன்றைக்கு ஓட்டோவோடு தரிப்புத் தரிப்பாகக் காத்திருந்தவர்.

"இவர் ஒரு இடத்திலயும் 'எப்பிடி இருக்கு' எண்டு கேக்கேல்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பன். 'சலம் கழிச்சனீரோ, கையைக் காட்டும்' எண்டார். விரல் வீங்கி மோதிரம் இறுகிக் கிடந்தது. வெறுந்தண்ணியைக் கனக்கக் குடிச்சிட்டன் எண்டு கண்டுபிடிச்சு, போத்தலைப் பறிச்சுப்போட்டு உப்புச் சூப் தந்தார். சலம் போகுமட்டும் தண்ணி தரேல்லை. அண்டைக்கு எனக்குச் சரியான கோபம். இப்ப இல்லை."

கூட்டம் சிரித்தது. "அண்டைக்கு இல்லை, இண்டைக்குத்தான்" என்று கணவர் கீழிருந்து திருத்தினார்.

"ஓம், இண்டைக்குக் காலமைதான். ஒரு கிழமை போன மாதிரி இருக்கு." தன் தமக்கை பக்கம் திரும்பினார். "எங்கட அக்கா, குதியில கொப்புளம் வர முன்னமே பிளாஸ்ரர் ஒட்டி, காஞ்ச சொக்ஸ் மாத்தி, உப்புப் போட்ட உருளைக்கிழங்கை வாயில வைச்சவ. கதிரையில இருக்கவிடேல்லை. இருந்தால் எழும்பமாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும். ரீச்சர், நீங்கள் 'மூண்டு லைற் கம்பம் ஓடுவம், ஒரு கம்பம் நடப்பம்' எண்டு சொல்லிச் சொல்லியே என்னைத் திருக்கேதீஸ்வரம் சேர்த்தனீங்கள். பசிக்க முன்னம் சாப்பிட வைச்சனீங்கள்."

ரீச்சர் முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். இதோடு முடியும் என்று நான் நினைத்தேன்.

"இன்னொராள் அங்க பின்னுக்கு ஒளிச்சு நிக்கிறா," என்றார் அக்கா. எல்லோரும் திரும்பினார்கள். "பாலத்தில அவவுக்குக் கால் பிடிச்சது. நான் நிண்டிட்டன். உண்மையைச் சொன்னால், நிக்க ஒரு சாட்டுக் கிடைச்சதெண்டு எனக்குச் சந்தோசம். 'அவவுக்கு ஏலாமப் போச்சு, அதுதான் நிண்டனான்' எண்டு எல்லாரிட்டயும் சொல்லலாமெல்லே? அது அவவுக்கு விளங்கிற்றுது. 'அக்கா, நான் உங்களைக் கொண்டுபோக வந்தனான், நீங்கள் என்னைக் கொண்டுபோக இல்லை. போங்கோ!' எண்டு கத்தினா. அந்த நோவுக்குள்ளயும் சரியான நேரம் சரியானதைச் சொன்னா. எனக்குப் பக்கத்தில ஓடினதைவிட அதுதான் பெரிய துணை. அந்தச் சத்தம் காதுக்குள்ள இருந்தபடியாத்தான் மிச்சத்தை ஓடினனான்."

அது எனக்கு விளங்கியிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வலியில் கத்தினேன், அவ்வளவுதான். ஆனால் அவர் தன் சோர்வைக்கூட மறைக்காமல் நூறு பேருக்கு முன்னால் திறந்து வைத்து, அதன்மேல் என்னை ஏற்றி நிறுத்தினார். அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்?

"அவ்வளவுதான். நன்றி," என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

படியில் முன்பக்கமாக இறங்க அவருக்குத் தொடை விடவில்லை. திரும்பி நின்று, ஏணியில் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினார். நான் நொண்டிக்கொண்டு ஓடிப்போய் முதுகைப் பிடித்தேன்.

"உம்மட கால் எப்பிடி?" என்று கேட்டார்.

"பரவாயில்லை அக்கா."

"பொய் சொல்லாதையும். வாரும், சாப்பாடு குடுக்கினம்."

இருவரும் தாங்கித் தாங்கி நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றோம்.