மூன்று நிமிடத்துக்குள் எங்கள் குறைகள்

போர்க்காலத்தில், கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்ட அரசு அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், எங்கள் மீனவர் சங்கத்துக்காகப் பேச எனக்கு மூன்று நிமிடம் தந்தார்கள். மணிக்கூட்டை வைத்து வாசித்துப் பார்த்தேன். நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வந்தது. இருநூற்றெழுபது சொல்லில் எழுதிக்கொண்டு போனேன்.

கூட்டத்தை நடத்தியவர், "உங்கட பேச்சைச் சிங்களத்தில மாத்திச் சொல்றதும் அந்த மூண்டு நிமிசத்துக்குள்ளதான் தங்கச்சி" என்றார்.

பாதியை வெட்ட வேண்டும். மேடையிலிருப்பவர்களை விளிக்கும் நாற்பது சொல்லில் பேனாவை வைத்தேன்.

"அதில கை வைக்காதீங்க" என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிக்கப்பட்ட தோணிகளை வெட்டினேன். பறித்துப்போன வலைகளையும் வெட்டினேன். இரவில் வாவியில் மீன்பிடிக்க விடுங்கள் என்பது மட்டுமே மிஞ்சியது.

பிறகு பெரிய அதிகாரி அரை மணி நேரம் பேசினார். அவருடைய பேச்சை மொழிபெயர்க்கத் தனியாக நேரம் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் முடித்தார்: "உங்களுக்கு ஒரேயொரு குறைதான் என்று அறிந்து ஐயா மகிழ்ச்சியடைகிறார்."