வருஷம் திரும்பாத வீட்டிலிருந்து

மாமனார் இறந்து வருஷம் திரும்பி, தலைதிவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் கல்யாணம் காட்சிக்குப் போகக்கூடாது. மனம் நோகாமல் மறுக்கத் தெரிந்தவள் நான் என்ற மிதப்பு எனக்கு உண்டு, அதனால் கவலைப்படவில்லை.

அழைக்க வருகிறவர்களிடம் "வரமாட்டோம்" என்று சொல்லவே கூடாது. நல்ல காரியம் பேசுகிற இடத்தில் அது அபசகுனம். அவர்களும் சாவு விழுந்த துட்டி வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது என்று வாசலிலேயே நெளிவார்கள். நான் முந்திக்கொள்வேன்.

"பத்திரிகைய அந்த ஸ்டூல்ல வைங்க. வெத்தல, குங்குமம் வேணாம். கல்யாணம் ஜாம்ஜாம்னு நடக்கட்டும். வருசம் திரும்பவும் பொண்ணு மாப்பிள்ளைய வந்து பாக்கோம்."

செய்முறைப் பணத்தை வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை கையில் கொடுத்தனுப்புவேன். எதிர்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு, கேக் வெட்டிய மறுநாள் போய்க் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆவணியில் என் தோழியின் மகளுக்குக் கல்யாணம். எம். புதுப்பட்டிக் கம்பெனியில் பட்டாசு பேக்கிங்கில் என் பக்கத்திலேயே உட்காருகிறவள். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதில் நான் சடை பின்னிவிட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஷெட்டில் எல்லாருக்கும் பத்திரிகை வைத்தாள், எனக்கு வைக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. துட்டி வீடென்றாலும் அழைக்க வேண்டியது அவர்கள் முறை, மறுக்க வேண்டியது எங்கள் முறை. நேராகவே கேட்டுவிட்டேன்.

"வச்சா நீங்க ஏதாச்சும் நயமாச் சொல்லுவீக மதினி. அத உங்க வாயால கேக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

என் சாமர்த்தியமெல்லாம் அவளிடம் செல்லவில்லை. பேச்சை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். முகூர்த்தக்கால் ஊன்றிவிட்டால் அந்த வீட்டுக்குள் நான் போகக்கூடாது. அதற்கு முன்பே போய் வத்தல் மல்லி காயவைத்து, அரிசி புடைத்துக் கொடுத்தேன். தீபாவளி சீசனில் அவளுக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. "இவ பங்கையும் சேத்து நான் முடிச்சுத் தாரேன்" என்று போர்மேனிடம் பொறுப்பேற்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனத்தாங்கல் தீர்ந்தது என்று நிமிர்ந்தே நடந்தேன்.

கல்யாணத்தன்று மத்தியானம் கம்பெனி வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். கேட்டுக்கு வெளியே வேன். வெம்பக்கோட்டையிலுள்ள மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழியில் மாலையோடு இறங்கி நின்றாள் பெண், பின்னால் தோழி. நான் பின்வாங்கினேன்.

"புதுப்பொண்ணு எங்கிட்ட வரக்கூடாதுத்தா."

"துட்டி உங்க வீட்டுக்குத்தான மதினி" என்றாள் தோழி. "கம்பெனிக்கு ஏது துட்டி?"

பெண் என் காலில் விழுந்தாள். அத்தனை பேருக்கும் பதில் வைத்திருந்த நான், பசை காய்ந்த கையை அவள் தலையில் வைத்துக்கொண்டு அழுதேன்.