முடிவிலியில் துண்டுத்துணி

ரெஜா என்ற மலாய்ச் சொல்லுக்குத் தையற்கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணி என்று பொருள். தச்சுப் பட்டறையில் அது சீவி விழுந்த மரச்சுருள். நான் வேலை பார்த்த உயர்கல்விக் கூடத்தின் கணிதத் துறையில் அது எச்சம். ஒரு சார்பு கட்டுமீறிப் பெரிதாகும் புள்ளியைச் சுற்றி அதைத் தொடராக விரித்தால், தலைகீழ் முதற்படி உறுப்பின் முன்னால் நிற்கும் எண்ணுக்கு அந்தப் பெயர். நாங்கள் அதை ஆங்கிலத்தில் ரெசிட்யூ என்று படித்து வந்தவர்கள். பாடங்கள் மலாய்க்கு மாறியபோது இந்தச் சொல் வந்தது. சொல்லில் குற்றமில்லை. பொருத்தமான சொல் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்போது நான் துறையில் தற்காலிகப் பயிற்றாசிரியை. எங்கள் தீவிலிருந்து கடலுக்குக் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நிரந்தர விரிவுரையாளர் இடம் ஒன்று காலியானது. அந்த இடம் கிடைத்தவரை முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு அனுப்புவார்கள். கிடைக்காதவரின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்துவிடும். போட்டியில் இருவர்தான்: நானும், என்னோடு ஒரே அறையில் மேசை போட்டிருந்த இன்னொரு பயிற்றாசிரியரும். அவர் என்னைவிட இளையவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். போட்டி என்று தெரிந்த பிறகும் மதியம் சேர்ந்துதான் சாப்பிடப் போனோம்.

தேர்வுக் குழுவின் முன் ஆளுக்கொரு மாதிரி விரிவுரை நடத்த வேண்டும். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, முடிவிலியில் எச்சம். தேர்ந்தெடுத்த கணக்கு இது: (3z⁶ + 2z + 5) / (z⁷ − 4z³ + 1) என்ற விகிதமுறு சார்பை, ஆதியை மையமாகக் கொண்ட, ஆரம் நூறு உள்ள வட்டத்தின் மேல் இடஞ்சுழியாக ஒரு சுற்றுத் தொகையிட வேண்டும்.

நேர்வழியில் போனால், கீழே இருக்கும் கோவையின் ஏழு மூலங்களையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் எச்சத்தைக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். அந்த ஏழையும் கையால் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் ஏழும் ஆரம் இரண்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன என்று ஒரு வரியில் காட்டிவிடலாம். நூறு ஆரமுள்ள வட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லை, முடிவிலியைத் தவிர. எல்லா எச்சங்களையும், முடிவிலியில் இருப்பதையும் சேர்த்து, கூட்டினால் பூச்சியம் வரும். ஆகவே உள்ளே ஏழு இடத்தில் தேட வேண்டியதை வெளியே ஓர் இடத்தில் பார்த்துவிடலாம். மிகப் பெரிய z-க்கு இந்தச் சார்பு 3/z போல நடக்கிறது. முடிவிலியில் எச்சம் கழித்தல் மூன்று. தொகையீடு 6πi.

சாப்பாட்டுக் கடையில் கேட்டிருந்த மீ கோரெங் தட்டு வருவதற்குள் இதைத் தம்பிக்குச் சொன்னேன்.

"அந்த மைனஸ் எங்கேருந்து வருது, அக்கா?" என்றார்.

"பஸ்ஸுல தீவைச் சுத்தியிருக்கியா? டவுன்லேருந்து பெரிங்கி வழியா ஏறி, பாலிக் புலாவ் இறங்கி, ஜெலுத்தோங் வழியா திரும்பி வா. நடுவுல இருக்கிற மலை எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"கடல்?"

"வலது பக்கம். ஓ, முடிவிலி கடல் பக்கம் இருக்குது. அது பார்வையில நம்ம எதிர்த்திசையில சுத்துறோம்."

"அதான் மைனஸ்."

பிறகு சரியான இடத்தில் விரலை வைத்தார். "ஆனா அக்கா, இந்த ஃபங்ஷன் இன்ஃபினிட்டில சைஃபர்தானே? ஒண்ணுமே வெடிக்கலையே. அப்புறம் ரெஜா எப்படி வரும்?"

"1/z-ஐ எடு. அதுவும் அங்க சைஃபர்தான். வட்டத்தைச் சுத்தினா என்ன வருது?"

"2πi."

"சைஃபரா?"

"ஐயோ!" என்று சிரித்துவிட்டார். "இது எனக்குத் தோணவே இல்லலா. z-க்கு பதிலா 1/w போடுறப்போ dz-ம் மாறுது. அந்த w ஸ்குவேர் கீழ வந்து உட்கார்ந்துடுது. எல்லாரும் இதுல விழுவாங்க, அக்கா."

நான் நாள்தோறும் குறிப்பு எழுதுகிறவள். யார் என்ன சொன்னார் என்பதில் எனக்குக் குழப்பம் வருவதில்லை. "எல்லாரும் இதுல விழுவாங்க" என்று சொன்னவர் அவர்தான்.

விரிவுரைகள் இரண்டும் ஒரே பிற்பகலில் நடந்தன. துறையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அவர் தன்னுடையதை முடித்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுவில் துறைத் தலைவரோடு நிர்வாகத்திலிருந்து இருவர். தலைவர் எங்கள் வீட்டாரைப் போலவே யாழ்ப்பாண வழிக் குடும்பம். என் அப்பாவைத் தெரிந்தவர். அவருடைய துறை புள்ளியியல். என் கணக்கு வரும் சிக்கலெண் பகுப்பாய்வைப் படித்து முடித்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். நிர்வாக ஆட்கள் இருவருக்கும் கணிதம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மலாயில் பேசினேன். ஏழு மூலங்களும் எங்கே அடங்குகின்றன என்று காட்டி, சுண்ணக்கட்டியால் பெரிய வட்டம் போட்டு, முடிவிலியில் ரெஜா கழித்தல் மூன்று என்று எழுதி அடிக்கோடிட்டேன். தலைவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். சார்பு முடிவிலியில் பூச்சியம் ஆகிவிடுகிறது, இல்லையா?"

"ஆமாம், பேராசிரியர்."

"அங்கே அது ஒழுங்காகத்தானே இருக்கிறது? வெடிப்பு எதுவும் இல்லையே?"

"இல்லை. ஆனால் முடிவிலிக்கு அந்த விதி..."

"துணியே இல்லாத இடத்தில்," என்று நிர்வாக ஆட்கள் பக்கம் திரும்பினார், "துண்டுத்துணி எங்கிருந்து வரும்?"

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்த அறையில் அதுவரை சொல்லப்பட்டவற்றில் அவர்களுக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது. ஆகவே இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

நான் 1/z-ஐக் கரும்பலகையில் எழுதினேன். "இதைப் பாருங்கள். இதுவும் முடிவிலியில் பூச்சியம். ஆனால்..."

"அதற்கு ஆதியில் வெடிப்பு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வேறு கணக்குக்குப் போகாதீர்கள்."

வேறு கணக்கில்லை, அதே கணக்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பின்வரிசையைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கள். இந்தச் சார்பு முடிவிலியில் பூச்சியம்தானே?"

தம்பி எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்தார்.

"ஆமாம், பேராசிரியர். அங்கே அது பூச்சியம்தான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைவர் தலையசைத்தார். நிர்வாக ஆட்களில் ஒருவர் எதையோ எழுதிக்கொண்டார். நான் மிச்ச வரிகளை எழுதி 6πi என்று முடித்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்கள்.

பேருந்தில் ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் வரும்போதுதான் சொல்லியிருக்க வேண்டிய பதில் வந்தது. முடிவிலியில் துணி இல்லை, பேராசிரியர். உள்ளே ஏழு இடத்தில் வெட்டியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது. தையற்காரர் மேசையில் துண்டுத்துணியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கூட்டித் தள்ளிய மூலையில்தான் கிடக்கும். நல்ல பதில். அந்த இருவருக்கும்கூடப் புரிந்திருக்கும். பேருந்தில் கேட்க ஆளில்லை.

வேலை தம்பிக்குக் கிடைத்தது.

அறையில் என் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து வாசலில் நின்றார்.

"கோவமா அக்கா?"

"உனக்குத் தெரிஞ்சுதானே சொன்ன?"

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே, அக்கா. சைஃபரான்னு கேட்டாரு. சைஃபர்னு சொன்னேன். ரெஜா சைஃபரான்னு கேட்டிருந்தா இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அவரு கேக்கலன்னா நீ சொல்ல மாட்டியா?"

"எல்லார் முன்னாடியும் தலைவரை நான் எப்படிலா திருத்துறது? நீங்க என் இடத்துல இருந்தா?"

அடுத்த புத்தகத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அவர் சொன்ன ஒரே வாக்கியம் முழுக்க உண்மை. எங்கள் தொழிலில் உண்மையான வாக்கியத்தைக் குறை சொல்ல முடியாது. அது எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று கேட்க எந்தக் குழுவும் இல்லை.

கிளம்பும் நாளில் தலைவரை நடைவழியில் பார்த்தேன். அவராகவே நின்றார். இந்த முறை தமிழில் பேசினார்.

"உங்க கணக்கு சரிதான், தங்கச்சி. வீட்டுல போட்டுப் பாத்தேன். நான் அந்த w ஸ்குவேரை விட்டுட்டேன்."

"அப்ப கமிட்டிக்குச் சொல்லுவீங்களா, சார்?"

"அது மேல போயிருச்சே. அதோட, கணக்கு மட்டுமா பாக்கிறாங்க? கேள்வி வந்ததும் நீங்க கொஞ்சம் தடுமாறிட்டீங்க. கிளாஸ்ல பசங்க கேட்டா சமாளிக்கணும்லா." பிறகு மிக அன்பாகக் கேட்டார்: "அப்பா சௌக்கியமா?"

சௌக்கியம் என்றேன். அதற்கு மட்டும் நான் தடுமாறவில்லை.

அதன் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவ மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஆனேன். அந்தப் பாடத்திட்டத்தில் வகைக்கெழு உண்டு, தொகையீடு உண்டு, சிக்கலெண்ணும் கொஞ்சம் உண்டு. எச்சம் வரை அது போகாது. அந்தக் கணக்கை நான் மறுபடி எந்தக் கரும்பலகையிலும் எழுதவில்லை. தம்பி வெளிநாடு போய்ப் பட்டத்தோடு அதே துறைக்குத் திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை சந்தையில் தூரத்தில் பார்த்தோம். இருவருமே மீன் வாங்குவதில் மும்முரமாகிவிட்டோம்.

பல ஆண்டுகள் கழித்து என் தங்கை மகள் அதே கூடத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். ஒருநாள் தட்டில் கை வைத்தபடியே கேட்டாள்.

"பெரியம்மா, ஒரு ஃபங்ஷன் இன்ஃபினிட்டில சைஃபர் ஆயிடுச்சுன்னா, அங்க ரெஜாவும் சைஃபர்தானே?"

"இல்ல."

"அட, உங்களுக்குத் தெரியுது! கிளாஸ்ல எல்லாருமே தப்பாச் சொன்னோம். எங்களுக்குப் பாடம் எடுக்கிற டாக்டர் ஒரே சிரிப்பு. ஏழு ரூட்ஸ் இருக்கிற ஒரு கணக்கு போட்டாரு. பஸ்ஸுல தீவைச் சுத்துறப்போ கடல் எந்தப் பக்கம்னு கேட்டாரு. செமயா விளக்குறாரு, பெரியம்மா. இதுல ஒரு பெரிய ப்ரொஃபெசரே விழுந்திருக்காராம். துணியே இல்லாத இடத்துல துண்டு எங்கேருந்து வரும்னு கேட்டாராம்!"

சாம்பார் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தப் ப்ரொஃபெசருக்கு யாரு பதில் சொன்னாங்களாம்?"

அவள் யோசித்தாள். "அதச் சொல்லலையே. எங்க டாக்டரேதான் சொல்லியிருப்பாரு போல." இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். "ஆன்சர் 6πi தானே, பெரியம்மா?"

சரி என்றேன்.